கறுப்பு மாடு செம்பட்டை ஆனால்: மேய்ச்சல் மாடுகளில் தாமிரக் குறைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

“கன்னங்கரேல்னு இருந்த மாடு சார், இப்ப துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு தடவ ஊசி போட்டும் சினை நிக்கல.”

இப்படி ஒருவர் வந்து நின்றால் தாமிரம் நினைவுக்கு வரவேண்டும். ஆனால் உடனே தாமிரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. முடி வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. சினை பிடிக்காததற்கு இன்னும் அதிகமான காரணங்கள் உண்டு. தாமிரமேதான் குறைவு என்றாலும், புல்லில் தாமிரம் இல்லாமல் போனதா, புல்லில் இருந்தும் மாட்டின் வயிற்றில் யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்களா என்று தெரிந்தாகவேண்டும். முதல் வகையைவிட இரண்டாவது வகையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியது.

வயிற்றுக்குள் நடப்பது

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சில மேய்ச்சல் நிலங்களை ‘டியர்ட்’ நிலங்கள் என்பார்கள். களிமண் பூமி, புல் செழிப்பாக வளரும். ஆனால் அந்தப் புல்லில் மாட்டை விட்டால் சில நாட்களில் கடும் கழிச்சல் தொடங்கும், உடல் இளைக்கும், கறுப்பு மாடு பழுப்பாகும். அதே மாட்டை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போனால் தேறிவிடும். இதை ஆராய்ந்த பெர்குசன், லூயிஸ், வாட்சன் மூவரும் 1938-இல் காரணத்தைச் சொன்னார்கள்: புல்லில் மாலிப்டினம் என்ற தாது அளவுக்கு மீறி இருந்தது. சாதாரணப் புல்லில் ஒரு கிலோ உலர் எடைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருக்கும். அங்கே 20 முதல் 100 வரை இருந்தது. கறவை மாட்டுக்குத் தினம் 2 கிராம் துருசு (மயில் துத்தம், அதாவது காப்பர் சல்பேட்) கொடுத்ததும் கழிச்சல் நின்றது.

மாலிப்டினம் அதிகமானால் தாமிரம் ஏன் குறையவேண்டும்? அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தீவனத்திலும் தண்ணீரிலும் வரும் கந்தகத்தை சல்பைடாக மாற்றுகின்றன. அந்த சல்பைடும் மாலிப்டினமும் சேர்ந்து தயோமாலிப்டேட் என்ற பொருளாகிறது. தாமிரம் கண்ணில் பட்டால் அது விடாது. பிடித்த தாமிரத்தோடு சாணத்தில் போய்விடும். வயிற்றில் பிடிக்கத் தாமிரம் போதாமல் போனால் தயோமாலிப்டேட்டே இரத்தத்துக்குள் நுழைந்து அங்கே உள்ள தாமிரத்தைக் கட்டிப்போடும். பெருவயிறு இல்லாத குதிரைக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அதே புல்லில் குதிரை மேய்ந்து நன்றாக இருக்கும்.

இரும்பும் தாமிரத்தைத் தடுக்கும், ஆனால் வேறு வழியில். இரும்பு பெரும்பாலும் மண்ணாக வயிற்றுக்குள் போகிறது. புல் கட்டையாக இருக்கும்போது, ஏரி உள்வாயில் ஈரமண்ணோடு மேயும்போது மாடு தின்னும் உலர் பொருளில் கணிசமான பங்கு மண்ணாகவே இருக்கும்.

முடிக்கும் தாமிரத்துக்கும் தொடர்பு எளியது. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்குத் தாமிரம் வேண்டும். தாமிரம் தட்டுப்பாடாக இருக்கும் நாட்களில் வளரும் முடி நிறமில்லாமல் வளரும், அவ்வளவுதான். கறுப்பு ரோம ஆடுகளில் இது வரிவரியாகவே தெரியும்: தட்டுப்பாட்டு நாட்களில் வளர்ந்த ரோமம் வெள்ளைப் பட்டையாகவும், மற்ற நாட்களில் வளர்ந்தது கறுப்பாகவும்.

முதல் படி: முடியைப் பிரித்துப் பாருங்கள்

மாட்டைத் தூரத்திலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் முதுகு முடியின் நுனி வெளுப்பது சாதாரணம். விலாவில், தொடையின் உள்பக்கத்தில், கழுத்தில் முடியை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் கறுப்பாக, நுனி மட்டும் பழுப்பாக இருந்தால் வெயில் காரணமாகலாம், அல்லது முன்பு இருந்த குறை இப்போது சரியாகிவருகிறது. வேரிலிருந்தே பழுப்பாக வளர்ந்தால் இப்போது வளரும் முடிக்கே நிறம் கிடைக்கவில்லை. கறுப்பு செம்பட்டையாகும், சிவலை மங்கி மஞ்சள்வாகாகும். பல மாடுகளுக்குக் கண்ணைச் சுற்றி வெளிறி, மூக்குக் கண்ணாடி போட்டது போல இருக்கும். முடி சொரசொரப்பாகவும், பழைய முடி உதிராமலும் நிற்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. காங்கேயம், உம்பளாச்சேரி கன்றுகள் செம்பழுப்பாகப் பிறந்து மாதங்கள் போகப் போக சாம்பலாக மாறும். அது இனத்தின் இயல்பு. வெள்ளை மாட்டிலோ நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. கறுப்புக் கலப்பின மாடும் எருமையும்தான் இதற்கு நல்ல சாட்சி.

பட்டினி, குடற்புழு, நாள்பட்ட நோய் எதுவானாலும் முடி சொரசொரப்பாகும், கொஞ்சம் பழுப்பும் தட்டும். ஆகவே எலும்பு தெரியும் ஒற்றை மாட்டை வைத்துத் தாமிரம் என்று சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் மேயும் பல மாடுகளில், வயிறு நிறையத் தின்னும் மாடுகளிலும் வெளுப்பு இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். கூடவே புழுவால் வராத கழிச்சல், கன்றுகள் விறைத்த நடையோடு மூட்டு வீங்கி நிற்பது, குட்டிகள் பின்னங்கால் தள்ளாடிப் பிறப்பது, இவற்றையும் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: சினைக் கணக்கை எழுதிப் பாருங்கள்

சினை விஷயத்தில் தாமிரத்தின் மேல் பழி போடுவது சுலபம், பல நேரம் தவறு. கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாவதும், பருவ அறிகுறி தெரியாமலே போவதும், ஊசி போட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதும் தாமிரக் குறைவோடு சேர்ந்து வரும். ஆனால் இவையெல்லாம் தீவனம் போதாமலும், பாஸ்பரஸ் குறைவாலும், பருவத்தைச் சரியான நேரத்தில் பார்க்காததாலும் அதைவிட அதிகம் வரும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிலிப்போ குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது. கிடேரிகளை வெவ்வேறு குழுக்களாக வைத்தார்கள். ஒன்றுக்குத் தீவனத்தில் மாலிப்டினம் சேர்த்தார்கள், இன்னொன்றுக்கு இரும்பு சேர்த்தார்கள். இரண்டு குழுவிலும் கல்லீரல் தாமிரம் ஒரே போல அடிமட்டத்துக்குப் போனது. ஆனால் பருவம் தள்ளிப்போனதும் சினை பிடிப்பது குறைந்ததும் மாலிப்டினம் தின்ற கிடேரிகளில்தான். இரும்புக் குழு தாமிரம் வற்றியும் சினை பிடித்தது. ஆக, இரத்தத்தில் தாமிரம் குறைவு என்ற ஒரே அறிக்கையை வைத்துச் சினைப் பிரச்சினைக்கு விடை சொல்ல முடியாது. சினைக் குறை இருக்கும் மந்தையில் தீவனத்தின் மாலிப்டினத்தைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு நோட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஈன்ற தேதி, முதல் பருவம், ஊசி போட்ட நாட்கள், சினைப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். எல்லா மாடும் தள்ளிப் போகிறதா, ஒரே மேய்ச்சலில் போகும் மாடுகள் மட்டுமா என்று அப்போதுதான் தெரியும். கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு சினையாகி, மேய்ச்சலுக்குப் போகும் மாடு நிற்காவிட்டால் அது பெரிய துப்பு.

மூன்றாம் படி: மாதிரி எடுப்பது

சோதனை செய்ய நான்கு இடங்கள் உண்டு: தீவனம், தண்ணீர், விலங்கு, மண். இந்த வரிசையிலேயே போவது நல்லது. பலர் மண்ணில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மண்ணில் உள்ள தாமிர அளவு பயிருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும். மாட்டின் வயிற்றில் என்ன நடக்கும் என்று சொல்லாது.

புல் மாதிரிக்கு மாட்டின் பின்னால் நடந்து, அது கடிக்கும் உயரத்தில், அது கடிக்கும் புல்லையே கையால் கிள்ளுங்கள். இருபது முப்பது இடத்தில் கிள்ளிச் சேருங்கள். ஒரு பாதியைக் கழுவாமல் அப்படியே, மறுபாதியைத் தண்ணீரில் அலசி, தனித்தனியாக உலர்த்துங்கள். கழுவாததில் இரும்பு மிக அதிகமாகவும் கழுவியதில் குறைவாகவும் வந்தால், மாடு மண் தின்கிறது. ஆய்வகத்தில் தாமிரம் மட்டும் கேட்காதீர்கள். தாமிரம், மாலிப்டினம், கந்தகம், இரும்பு நான்கையும் கேளுங்கள். மாலிப்டினம் செய்யாத ஆய்வகங்கள் உண்டு, அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீரில் சல்பேட் பாருங்கள்.

விலங்கில் நம்பகமான சேமிப்புக் கணக்கு கல்லீரலில்தான் இருக்கிறது. உபரித் தாமிரம் அங்கே சேர்ந்திருக்கும். அந்த இருப்பு கரையும்வரை இரத்த அளவு பெரிதாக இறங்காது. உலர் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இருப்பு வற்றிவிட்டது என்று கொள்ளலாம். இறந்த மாடோ அறுக்கப்பட்ட மாடோ கிடைத்தால் ஒரு துண்டு கல்லீரலை விடாதீர்கள்.

இரத்தம் எடுப்பதானால் குறைந்தது ஏழு முதல் பத்து மாடுகளிடம், இரத்தம் உறையாமல் வைக்கும் ஹெபரின் குழாயில் எடுத்துப் பிளாஸ்மாவில் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் உறைந்த சீரத்தில் தாமிரத்தின் ஒரு பங்கு உறைகட்டியோடு போய்விடும், அதனால் இல்லாத குறைவு இருப்பது போலத் தெரியும். நேர்மாறான பிழையும் உண்டு: மடிநோய், காய்ச்சல் உள்ள மாட்டில் இரத்தத் தாமிரம் ஏறித் தெரியும். தயோமாலிப்டேட் பிடித்துவைத்த தாமிரமும் எண்ணில் சேர்ந்துவிடும், ஆனால் மாட்டுக்கு உதவாது. ஆரம்பத்தில் நானும் ஒரு மந்தையில் நோயாளி மாட்டையே தேடி ஊசி குத்தி எடுத்தேன். அறிக்கை ‘நார்மல்’ என்று வந்தது. இரண்டு மாதம் வீணாயிற்று. நோயில்லாமல் வெளுத்து நிற்கும் மாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: எண்களைச் சேர்த்துப் படிப்பது

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஏரி உள்வாயில் மேயும் 400 கிலோ கறுப்புக் கலப்பின மாடு. தினம் 10 கிலோ உலர் பொருள் தின்கிறது. புல்லில் கிலோவுக்குத் தாமிரம் 8, மாலிப்டினம் 4 மில்லிகிராம், கந்தகம் 2 கிராம். குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர், சல்பேட் லிட்டருக்கு 1000 மில்லிகிராம்.

முதலில் விகிதம். தாமிரம் 8, மாலிப்டினம் 4, ஆக 2-க்கு 1. இந்த விகிதம் 2-க்குக் கீழே வந்தால் ஆபத்து, 4-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை என்பது கைக்கணக்கு. நம் மாடு விளிம்பில் நிற்கிறது.

அடுத்து தண்ணீர். சல்பேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். 40 லிட்டர் குடித்தால் 13 கிராமுக்கு மேல் கந்தகம், அதாவது தீவனக் கணக்கில் கிலோவுக்கு 1.3 கிராம் கூடுதல். புல்லின் 2 கிராமோடு சேர்ந்து 3.3 ஆகிறது. மூன்றைத் தாண்டினாலே கந்தகம் தயோமாலிப்டேட்டுக்குத் தாராளமாகக் கிடைக்கும். விளிம்பில் நின்ற மாட்டைத் தண்ணீர் தள்ளிவிட்டது. புல் அறிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

பிறகு உறிஞ்சல். பசும்புல்லில் உள்ள தாமிரத்தில் நூற்றில் இரண்டரை பங்குதான் மாட்டுக்குச் சேரும். மாலிப்டினம் கூடிய புல்லில் ஏறத்தாழ ஒன்றரைக்கும் குறைவு. உலர்ந்த புல்லில் ஏழு பங்கு வரை, தானியத்தில் ஒன்பது பங்கு வரை சேரும். நம் மாடு தினம் 80 மில்லிகிராம் தாமிரம் விழுங்குகிறது. நல்ல புல்லாக இருந்தால் 2 மில்லிகிராம் உடலில் சேரும், இந்தப் புல்லில் 1.1-தான். அன்றாடம் விழும் அந்தக் குறையைக் கல்லீரல் தன் இருப்பிலிருந்து ஈடுகட்டும். இருப்பு தீர்ந்ததும் முடியில் தெரியும். புல்லை அறுத்து உலர்த்திக் கொடுத்தால் தொல்லை குறைவது ஏன் என்பதும் இதில் விளங்குகிறது; டியர்ட் நிலத்து விவசாயிகளுக்கும் வைக்கோலாக உலர்த்திய புல் தொந்தரவு தராதது தெரிந்திருந்தது.

ஐந்தாம் படி: எவ்வளவு கொடுப்பது

விகிதத்தை 4-க்கு 1 ஆக்க வேண்டுமானால் மாலிப்டினம் 4-க்குத் தாமிரம் 16 வேண்டும். புல் 8 தருகிறது. மீதி 8 மில்லிகிராமை 10 கிலோவால் பெருக்கினால் தினம் 80 மில்லிகிராம். தாது உப்புக் கலவை மூட்டையில் தாமிரம் 0.1 சதவீதம் என்று இருந்தால் 50 கிராமில் 50 மில்லிகிராம் வருகிறது. 30 மில்லிகிராம் குறைகிறது. துருசில் கால் பங்கு தாமிரம், ஆகவே 0.12 கிராம் துருசு போதும். இவ்வளவு சிறிய அளவைக் கையால் கிள்ளிப் போடக் கூடாது. நூறு நாளைக்கான 12 கிராமைத் தராசில் நிறுத்து, நன்றாகப் பொடித்து, அந்த நூறு நாளைக்கான தாது உப்பில், அதாவது 5 கிலோவில், படிப்படியாகக் கலந்து வையுங்கள். கட்டி துருசு தீவனத்தில் தனியாகக் கிடந்தால் ஒரே மாடு தின்று வயிறு வெந்துபோகும். எவ்வளவு சேர்த்தாலும் மாட்டின் மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

சாமர்செட்டின் 2 கிராம் அளவை நம் மாட்டுக்குப் போடாதீர்கள். அது மிக அதிக மாலிப்டினத்துக்கான மருந்து. கிடைக்கிற இடத்தில் கால்நடை மருத்துவர் தாமிர ஆக்சைடு கம்பித்துகள் நிரம்பிய குளிகையை விழுங்க வைக்கலாம். வயிற்றில் தங்கி மாதக்கணக்கில் கரையும். அடர்தீவனம் வைக்காத மேய்ச்சல் மந்தைக்கு அதுதான் வசதி. ஊசியும் உண்டு, போட்ட இடம் வீங்கும். எதைக் கொடுத்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு வழியில் கொடுக்காதீர்கள்.

செய்வது சரிதானா என்று தெரிந்துகொள்ள, முடிந்தால் பாதி மாடுகளுக்கு மட்டும் கொடுத்து மறுபாதியை அப்படியே விடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மழை பெய்து புல் மாறியதால் தேறியதா, மருந்தால் தேறியதா என்று சொல்லவே முடியாது.

செம்மறியை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். செம்மறி தாமிரத்தை வெளியேற்றுவதில் மிகவும் பின்தங்கியது. மாட்டுக்கான கலவையை வாரக்கணக்கில் தின்றாலும் ஒன்றும் தெரியாது, கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு வெயில் நாளிலோ, ஓட்டிப் போன அலைச்சலிலோ திடீரென இரத்தம் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறமாகி இரண்டொரு நாளில் செத்துவிடும். மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் செம்மறிக்கு வேண்டாம். வெள்ளாடு இதைவிடத் தாங்கும், மாடு அளவுக்குத் தாங்காது. மாடும் செம்மறியும் ஒரே தொட்டியில் தின்னும் வீட்டில் தாமிரம் சேர்ப்பதாக இருந்தால் முதலில் தொட்டியைப் பிரியுங்கள்.

ஆறாம் படி: நிலத்தில் என்ன செய்யலாம்

மண்ணிலேயே தாமிரம் இல்லாத நிலங்கள் உண்டு: மணல் பூமி, கரிமம் மிகுந்த சதுப்பு மண். அங்கே துருசு உரமாகப் போட்டால் புல்லில் ஏறும். தடுப்பவர் மாலிப்டினமானால் அதில் பயன் குறைவு.

மாலிப்டினத்தைப் புல்லுக்குள் ஏற்றுவதில் நம் கை பெரிது. அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டு பி.ஹெச். அளவை உயர்த்தினால் மாலிப்டினம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். தாமிரத்துக்கு அந்த உதவி இல்லை. நீலகிரி போன்ற அமில மண் பகுதியில் காய்கறிக்குச் சுண்ணாம்பு போட்டு, அறுவடைக்குப் பிறகு மாட்டை மேய விடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். தண்ணீர் தேங்கும் மண்ணிலும் மாலிப்டினமும் இரும்பும் கூடுதலாகக் கிடைக்கும். மசால் வகைப் பயறுத் தீவனங்கள் புல்லைவிட அதிக மாலிப்டினம் ஏற்றுக்கொள்ளக் கூடியவை.

ஆக, செய்யக்கூடியவை இவைதான்: தேங்கும் இடத்தில் வாய்க்கால் வெட்டுவது, சுண்ணாம்பைத் தேவைக்கு மேல் போடாமலிருப்பது, புல் தரையோடு கட்டையாகும் முன் மாட்டை நகர்த்துவது, சல்பேட் நீருக்குப் பதில் மழைநீரோ ஏரி நீரோ காட்டுவது. நம் உதாரண மாட்டுக்குத் தண்ணீரை மாற்றினால் கந்தகம் 3.3-இலிருந்து 2-க்கு இறங்கும்.

எப்போது தெரியும்

கழிச்சல் மாலிப்டினத்தால் வந்ததானால் சில நாட்களிலேயே நிற்கும். இரத்த அளவு சில வாரங்களில் ஏறும். சினைக்கு இரண்டு மூன்று பருவச் சுழற்சி, அதாவது 21 நாள் வீதம் இரண்டு மாதமாவது பொறுக்கவேண்டும். வளர்ந்துவிட்ட செம்பட்டை முடி மறுபடி கறுக்காது, அது உதிரத்தான் வேண்டும். அதனால் இரண்டாவது மாதம் விலாவில் முடியைப் பிரித்துப் பாருங்கள். நுனி பழுப்பாகவே இருக்கும். வேரில், தோலை ஒட்டி, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எழுந்திருக்கும்.